மங்கிப்போன அ பதிவேட்டுப் பக்கத்துக்கு மாவட்டத்திலிருந்து தெளிவான நகல் கேட்பது எப்படி?

கேள்வி: ஐயா, சின்னசேலம் வட்டத்தில் ஒரு கிராமத்துக்குக் கிராம நிர்வாக அலுவலராகப் போய் ஆறு மாதம் ஆகிறது. நில உடைமை மேம்பாட்டுத் திட்டமான யூடிஆரில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எழுதிய அ பதிவேடு என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டு பக்கம் மங்கிப்போய்ப் படிக்க முடியவில்லை. "தெளிவான நகல் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று மாதம் கழித்து, என்னிடம் இருப்பதைவிட மோசமான ஜெராக்ஸ் வந்தது. கடிதத்தை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பதில்:

நான் பல வருடம் பதிவறையில் வேலை பார்த்தவன். உங்கள் கடிதம் போன்றவை என் மேஜைக்கும் வந்திருக்கின்றன. "தெளிவான நகல்" என்று மட்டும் ஒரு கடிதம் சொன்னால், பதிவறையில் இருப்பவர் கைக்குக் கிடைத்த பிரதியை எடுத்து ஜெராக்ஸ் போட்டு அனுப்பிவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. எந்தப் பிரதி, எந்த வரி, எந்தக் கலம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே. உங்களுக்கு வந்த ஜெராக்ஸ் ஒருவேளை உங்கள் பதிவேட்டிலிருந்தே எப்போதோ எடுத்த நகலின் நகலாகக்கூட இருக்கலாம். வந்ததை உங்கள் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். தாளின் கிழிசல், மைக்கறை, ஓரத்தில் இருக்கும் சுருக்கெழுத்து எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால், இரண்டும் ஒரே தாள்தான். அப்படியென்றால் அதில் புதிதாக எதுவும் கிடைக்காது.

ஆகவே முதலில் எந்தப் பிரதி வேண்டும் என்று தீர்மானியுங்கள். யூடிஆர் வேலை 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்தது. வழக்கமாக அதன் அ பதிவேடு கிராமத்தில் ஒன்று, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒன்று, மாவட்டத்தில் ஒன்று என்று இருக்கும். கிராமப் பிரதிதான் தினமும் புரட்டப்படுவது. வெயில், வியர்வை, மழைக்காலத்து ஈரம் எல்லாம் அதற்குத்தான். மாவட்டப் பிரதியை எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு, அதனால் மை பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

உங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாதிக் கடிதங்கள் தவறிப்போவது இங்கேதான். நீங்கள் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். அது 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. விழுப்புரம் 1993-இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்தது. யூடிஆர் நடந்தபோது உங்கள் கிராமம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது, தலைமையிடம் கடலூர். வட்டமும் அப்போது சின்னசேலம் இல்லை, கள்ளக்குறிச்சி வட்டம். மாவட்டம் பிரியும்போது பதிவுகளும் பிரிந்து போக வேண்டும்தான். ஆனால் ஒவ்வொரு பிரிவினையிலும் சில கட்டுகள் பழைய அலமாரியிலேயே தங்கிவிடும். இன்றைய மாவட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால், தேடுபவர் இன்றைய அலமாரியைப் பார்த்துவிட்டு "இங்கு இல்லை" என்று முடித்துவிடுவார். கடிதத்தில் கிராமத்தின் பெயரோடு அப்போதைய வட்டம், அப்போதைய மாவட்டம், அப்போதைய கிராம எண் எல்லாம் இருக்க வேண்டும். பழைய கிராம எண்ணுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை, உங்கள் பதிவேட்டின் முகப்பிலேயே இருக்கும். ஊராட்சியின் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் வேறாக இருந்தால், வருவாய்க் கிராமத்தின் பெயரையே எழுதுங்கள்.

சரி, அடுத்தது எந்தக் கலங்கள் வேண்டும் என்பது. இதைச் செய்யாமல் கடிதம் எழுத உட்காரவே கூடாது. அ பதிவேட்டின் ஒரு வரியில் புல எண்ணும் உட்பிரிவும், பழைய புல எண், ரயத்துவாரியா சர்க்காரா என்று காட்டும் ர அல்லது ச, நன்செய் புன்செய் வகை, பாசன ஆதாரம், மண் வயனமும் ரகமும், தரம், ஹெக்டேருக்கான தீர்வை வீதம், பரப்பு, தீர்வை, பட்டா எண்ணும் பெயரும், கடைசியில் குறிப்பு என்று கலங்கள் போகும். ஒரு பக்கம் மங்கியிருந்தாலும் எல்லாக் கலமும் ஒரே அளவில் மங்கியிருக்காது. ஒரு வெள்ளைத்தாளில் கலங்களை வரைந்துகொண்டு, தெளிவாகத் தெரிவதை எழுதுங்கள். சந்தேகமானதைப் பென்சிலில் எழுதுங்கள். தெரியாததைக் காலியாக விடுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும் ஜன்னலோரத்தில் வைத்துப் பாருங்கள். மை போனாலும் பேனா அழுத்திய பள்ளம் சில இடங்களில் தாளில் இருக்கும். மேலிருந்து டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் அது தெரியாது.

அப்புறம் கணக்கு. பரப்பும் தீர்வையும் இருக்கும் பதிவேடு தன்னைத்தானே கொஞ்சம் சரிபார்த்துக்கொள்ளும். ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. புல எண் 118-க்கு மொத்தப் பரப்பு 1.86.0, அதாவது 1 ஹெக்டேர் 86 ஏர். உட்பிரிவு 1-க்கு 0.62.5, 2பி-க்கு 0.38.5, 3-க்கு 0.37.0 என்று தெரிகிறது. 2ஏ-யில் 0.4 வரை தெரிகிறது. அடுத்த இலக்கத்தில் வலதுபக்க வளைவுகள் மட்டும் தெரிகின்றன, 3-ஆகவும் இருக்கலாம், இடதுபக்கம் அழிந்த 8-ஆகவும் இருக்கலாம். தெரிந்த மூன்றையும் கூட்டினால் 1.38.0. மொத்தத்தில் கழித்தால் 0.48.0. ஆகவே 8. தீர்வைக் கலத்தையும் பாருங்கள். வீதம் ஹெக்டேருக்கு 2 ரூபாய் 72 காசு என்றால், 48 ஏருக்கு 1 ரூபாய் 31 காசு வரும். 43 ஏராக இருந்தால் 1 ரூபாய் 17 காசுதான். தீர்வைக் கலத்தில் 1.3 என்ற அளவுக்காவது தெரிந்தால் போதும், 48 உறுதியாகிவிடும்.

ஆனால் ஒரே புல எண்ணில் இரண்டு பரப்புகள் அழிந்திருந்தால் கூட்டல் மட்டும் கைகொடுக்காது. 2ஏ-யில் 0.4 வரையும், 3-இல் 0.3 வரையும்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 0.85.0 என்பது தெரியும். அரை ஏரை விட்டுவிட்டு முழு ஏராக மட்டும் பார்த்தாலே, அது 46-ம் 39-ம் ஆகலாம், 47-ம் 38-ம் ஆகலாம், 48-ம் 37-ம் ஆகலாம், 49-ம் 36-ம் ஆகலாம். தீர்வைக் கலமும் போயிருந்தால் இந்த நான்கில் எது என்று பதிவேட்டுக்குள்ளிருந்து சொல்ல முடியாது. அந்த இரண்டு கலங்களும் கடிதத்தில் கட்டாயம் வர வேண்டியவை.

கணக்கு அறவே தொட முடியாத கலங்களும் உண்டு. உங்களுக்கு உண்மையில் மாவட்டப் பிரதி தேவைப்படுவது அவற்றுக்காகத்தான். முதலாவது பழைய புல எண். 1965-இல் எழுதிய ஒரு கிரயப் பத்திரத்தோடு ஒருவர் வருவார். அதில் பழைய சர்வே எண் 87/3, 1 ஏக்கர் 19 சென்ட் என்று இருக்கும். 119 சென்ட் என்பது ஏறத்தாழ 48 ஏர். பரப்பைப் பார்த்தால் உங்கள் 118/2ஏ-யோடு பொருந்துகிறது. ஆனால் பரப்பு பொருந்தினால் மட்டும் அதே நிலம் ஆகிவிடாது. அந்த வரியில் பழைய எண் 87/3 என்று இருந்தால்தான் பத்திரமும் பதிவேடும் சேரும். அந்தக் கலம் மங்கியிருந்தால் அவர் கையில் வெறும் காகிதம். eservices.tn.gov.in தளத்தில் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். இன்றைய பட்டாதாரரின் பெயருக்கும் பரப்புக்கும் அது உதவும். பழைய புல எண்ணுக்கு அங்கே பல வரிகளில் வெறும் கோடுதான் இருக்கிறது.

இரண்டாவது, பெயர். தமிழ்க் கையெழுத்தில் முதலில் மறைவது புள்ளியும் மேல்விலங்கும். இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சிறு சுழியில் இருக்கிறது. தகப்பன் பெயரின் முதலெழுத்து மு-வா மூ-வா என்பது ஒரு குறில் நெடில் விஷயம்தான், ஆனால் பங்காளிகள் இருவர் ஒரே பெயரோடு இருக்கும் ஊரில் அதனால் பட்டாவே மாறிப்போகும். மூன்றாவது, குறிப்புக் கலம். அங்கே உத்தரவு எண்ணும் தேதியும் இருக்கும், அதை ஊகிக்க வழியே கிடையாது.

இனி நகல் எந்த வடிவில் வேண்டும் என்பது. ஜெராக்ஸ் இயந்திரம் மெல்லிய கோட்டை வெள்ளையாக்கிவிடும், பழுத்த தாளைச் சாம்பலாக்கிவிடும். கண்ணுக்குத் தெரிந்த எழுத்துகூட நகலில் காணாமல் போவது அதனால்தான். வண்ணத்தில், 300 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் எடுத்து, கோப்பாகவே கேளுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கவும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். யாராவது பார்த்துத் தட்டச்சு செய்த பட்டியலை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். தட்டச்சில் 3-ம் 8-ம் ஒரே தெளிவோடு இருக்கும். எழுதியவர் எந்த இடத்தில் தயங்கினார் என்பது உங்களுக்குத் தெரியவே வராது. ஸ்கேனோடு, அதே பக்கத்தின் அச்சு நகலில் "உண்மை நகல்" முத்திரையும் அலுவலர் கையொப்பமும் தேதியும் கேளுங்கள். நாளை யாராவது கேள்வி கேட்டால் அதைத்தான் காட்ட முடியும்.

கடிதம் நேராக மாவட்டத்துக்குப் போகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் வழியாகத்தான் போக வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு. வட்டாட்சியர் அலுவலகப் பிரதியை முதலில் பார்த்துவிடலாம். பாதிக் கலங்கள் அங்கேயே தெளிந்துவிடும். அங்கும் தெரியாதவற்றை மட்டும் மாவட்டத்துக்குக் கேட்டால் கடிதம் சிறியதாகும், பதிவறையில் இருப்பவரும் மனமுவந்து தேடுவார். வட்டப் பிரதியைப் பார்த்தாயிற்று என்பதையும் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளவும்" என்று திரும்பி வரும்.

கீழே ஒரு மாதிரி வைத்திருக்கிறேன். எண்களை உங்கள் பதிவேட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்
கிராம நிர்வாக அலுவலர்,
……… கிராமம், சின்னசேலம் வட்டம்.

பெறுநர்
உதவி இயக்குநர்,
நில அளவை மற்றும் பதிவேடுகள் துறை,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

வழி: வருவாய் ஆய்வாளர், ……… குறுவட்டம், வட்டாட்சியர், சின்னசேலம்.

ஐயா,

பொருள்: கிராமக் கணக்குகள் – ……… கிராமம் – யூடிஆர் அ பதிவேடு – பக்கம் 31, 32 – மங்கிய பதிவுகள் – மாவட்டப் பிரதியிலிருந்து வண்ண ஸ்கேன் நகல் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ந.க. எண் ………, நாள் ………

மேற்படி கிராமம் யூடிஆர் காலத்தில் தென்னாற்காடு மாவட்டம், கள்ளக்குறிச்சி வட்டத்தில் கிராம எண் ……… ஆக இருந்தது. கிராமப் பிரதியின் 31, 32-ஆம் பக்கங்களில் புல எண் 118 முதல் 124 வரை உள்ள பதிவுகளில், கீழ்க்கண்ட கலங்கள் மட்டும் படிக்க இயலவில்லை:

118/2ஏ, 118/3 – பரப்பு, தீர்வை
118/2ஏ, 119/1, 121/4 – பழைய புல எண்
121/4, 123/2 – பட்டாதாரர் பெயர், தகப்பனார் பெயர்
123/2 – குறிப்பு

வட்டாட்சியர் அலுவலகப் பிரதியை ……… அன்று நேரில் ஒப்பிட்டேன். அதிலும் இக்கலங்கள் தெளிவாக இல்லை. பார்வையில் கண்ட கடிதத்துடன் வரப்பெற்ற நகல், கிராமப் பிரதியிலிருந்தே எடுக்கப்பட்டதாகத் தெரிகிறது (31-ஆம் பக்கத்தின் கீழ் ஓரக் கிழிசலும் மைக்கறையும் இரண்டிலும் ஒரே இடத்தில் உள்ளன). ஆகவே தங்கள் அலுவலகத்திலோ, பிரிக்கப்படாத கட்டுகள் இருப்பின் விழுப்புரம் அல்லது கடலூர் மாவட்ட அலுவலகத்திலோ உள்ள தனிப் பிரதியிலிருந்து, மேற்கண்ட இரு பக்கங்களை முழுமையாக வண்ணத்தில் 300 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, கோப்பாகவும், உண்மை நகல் சான்றுடன் அச்சாகவும் வழங்கிட வேண்டுகிறேன். நகல் எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் குறிப்பிட்டு உதவ வேண்டுகிறேன். அப்பிரதியிலும் ஒரு கலம் தெளிவாக இல்லையெனில், "தெளிவில்லை" என்றே குறிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: மங்கிய பக்கங்களின் வண்ணப் படங்கள் – 2.

இதில் இரண்டு இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலங்கள் சிலவற்றைத்தான் பட்டியலிட்டிருந்தாலும், நகல் முழுப் பக்கத்துக்கும் கேட்டிருக்கிறோம். வெட்டி எடுத்த ஒரு துண்டை நம்ப முடியாது. மேலும் கீழும் உள்ள வரிகள் இருந்தால்தான் அது அதே பக்கம்தானா என்று பார்க்க முடியும். அடுத்தது, "தெளிவில்லை என்றே குறிக்கவும்" என்ற வரி. அது இல்லையென்றால், நல்லெண்ணத்தில் ஒருவர் ஊகித்து எழுதி அனுப்பிவிடுவார். அந்த ஊகம் உங்கள் மேஜைக்கு வரும்போது அரசு முத்திரையோடு உண்மையாகி வந்து நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் இப்படி வந்த ஒரு பெயரால், அண்ணன் தம்பி இருவர் வருடக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். மூலத்தைத் திறந்து பார்த்தபோது அந்த இடத்தில் வெறும் கறைதான் இருந்தது.

நகல் வந்ததும் காலியான கலங்களுக்கு உடனே போகாதீர்கள். முதலில் உங்கள் பக்கத்திலும் நகலிலும் இரண்டிலுமே தெளிவாக இருக்கும் வரிகளை ஒப்பிடுங்கள். ஒரு பத்து வரி ஒத்துப்போனால், இரண்டும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்று நம்பலாம். அப்புறம்தான் மங்கிய கலங்களுக்கு வாருங்கள். கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த 0.48.0 நகலிலும் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில வரிகள் ஒத்துப்போகாமல் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கிராமப் பிரதி உயிரோடு இருக்கும் பதிவேடு. பிற்பாடு வந்த உட்பிரிவும் பட்டா மாறுதலும் சிவப்பு மையில் அதில் ஏறியிருக்கும். மாவட்டப் பிரதி யூடிஆர் முடிந்த நாளோடு பெரும்பாலும் நின்றுபோயிருக்கும். ஆகவே மூலப் பதிவு என்ன என்பதற்கு மாவட்டப் பிரதி சாட்சி. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதற்கு உங்கள் சிவப்பு மையும் அதன் பின்னாலுள்ள உத்தரவும்தான் சாட்சி. தெளிவான நகல் வந்துவிட்டது என்று பழைய பக்கத்தை எடுத்துவிட்டு இதை வைத்தால், முப்பது நாற்பது வருடத்து மாறுதல்கள் ஒரே நாளில் போய்விடும்.

மங்கிய எழுத்தின்மேல் பேனாவால் எழுதுவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் வேண்டாம். மேலெழுதிய நொடியில் அடியில் இருந்தது என்ன என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும், நாளை அது திருத்தல் என்று வந்து நிற்கும். லேமினேஷனும் செல்லோடேப்பும் அதேபோலத்தான். டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகி, மிச்சமிருக்கும் மையையும் தின்றுவிடும். மாவட்டப் பிரதியிலேயே பதிவு தவறாக இருப்பதாகத் தெரிந்தால், அது நகல் கேட்கும் வேலையில் சேராது. அதற்குத் தனி மனு, விசாரணை, மேல் அலுவலர் உத்தரவு எல்லாம் வேண்டும்.

சான்று நகலைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு கெட்டி உறையில் வையுங்கள். வட்டாட்சியரிடம் சொல்லிவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் எழுத்து இல்லாத இடத்தில் "பக். 31, 32 – மாவட்டப் பிரதி நகல் இணைப்பில் உள்ளது – ந.க. எண், நாள்" என்று சிறியதாக எழுதிக் கையொப்பமிடுங்கள். ஸ்கேன் கோப்பின் ஒரு பிரதியை வட்டாட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். நீங்கள் மாறுதலில் போகும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அந்த உறையையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.